ஏழு ஐந்தும் ஏழு இருபதும்

செய்திக்கு முன் ரேடியோவில் கடைசி 'பீப்' கேட்டதும் தபீதாள் சிஸ்டர் கைக்கடிகாரத்தின் திருகை அழுத்துகிறார். அரை நிமிஷம் பிந்தியிருந்ததாம். அஸ்தினாபுரத்தில் ரிட்டயர்டு நர்ஸ் ஒருவருக்கு அரை நிமிஷத்தில் என்ன முழுகிப்போகும் என்று கேட்டேன்.

"யாராவது ஒருத்தி கல்யாணம் முழுகிடும், சார்" என்றார்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பிரசவ விடுதியில் முப்பது வருஷம் வேலை. பிறந்த நேரம் என்பது தலை தெரிந்த நேரமா, முதல் அழுகையா, கொடி அறுத்த நேரமா என்று ஜோசியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். சிஸ்டருக்கு அழுகைதான் கணக்கு. கேட்டதும் கடிகாரம் பார்த்துச் சொந்த நோட்டில் குறித்துக்கொள்வார். விடுதியை மூடிவிட்டார்கள், நோட்டுகள் இவர் பீரோவில் இருக்கின்றன. ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. ஞாயிறு மாலை ராகு காலத்தில் வீட்டில் ஜெபக்கூட்டமே நடத்துகிறவர்.

இவரிடம்தான் சர்ப்ப தோஷக்காரர்கள் வருகிறார்கள். ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிரெதிர் ராசியில் இருக்கும். ஒரு ராசியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்றரை வருஷம் ஆகும். லக்னமோ சுமார் இரண்டு மணிக்கு ஒரு முறை மாறும். அந்த லக்னத்திலிருந்து எண்ணி ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு, எட்டில் பாம்பு இருந்தால் தோஷம் என்பார்கள். சந்திரனிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. நாலையும் பன்னிரண்டையும் சேர்ப்பவர்களும் உண்டு; அந்தக் கணக்கில் ஊரில் தப்புகிறவர்கள் சொற்பம். கிரகத்தை நகர்த்த முடியாது, பிறந்த நேரத்தை நகர்த்தலாம். ஆகவே பாம்பை விட்டுவிட்டு நர்ஸைப் பிடிக்கிறார்கள்.

போன வாரம் நான் சிஸ்டர் வீட்டுக்குப் பேப்பர் இரவல் வாங்கப் போயிருந்தபோது அபிதகுஜாம்பாள் வந்து உட்கார்ந்திருந்தார். மகள் ரமா சிஸ்டரின் விடுதியில் பிறந்தது எழுபதாம் வருஷம், ஆவணி பதினொன்று, காலை ஏழு ஐந்து. சிம்ம லக்னம். லக்னத்தில் கேது, ஏழில் ராகு. இருபத்துநாலு வயதுக்குள் ஏழு வரன் திரும்பிப் போயாயிற்று. காளஹஸ்தி பூஜை முடிந்தது. குன்றத்தூர் நாகேஸ்வரருக்கு ஞாயிறு ராகு காலத்தில் பாலபிஷேகம், உளுந்து தானம். கல் நாகம் செய்து, ஒரு மண்டலம் தண்ணீரில் ஊறப்போட்டு, அரசும் வேம்பும் சேர்ந்த மேடையில் பிரதிஷ்டையும் ஆகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு ஜோசியர் நிதானமாகச் சொன்னாராம்: பரிகாரம் வேகத்தைத் தணிக்கும், கட்டத்தை மாற்றாது, அதே தோஷம் உள்ள வரன்தான் சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை அந்த மனுஷன் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"இப்ப ஒரு வரன், சிஸ்டர். சாம்பசிவன்னு பேர். பீச் டிரெயின்ல ரெண்டு பேரும் பார்த்துப் பேசி, ரமாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா அவா சுத்த ஜாதகம்தான் வேணுங்கறா. ஏழு இருபதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கோ. கன்னி லக்னமாயிடும். ராகு ஆறுக்குப் போயிடுவான். பன்னெண்டுல கேதுவை அவா பாக்கறதில்லை."

"புள்ள ஏழு அஞ்சுக்கு அழுதுச்சு, மாமி. நான் ஏழு இருபதுக்கு எப்படி அழ வைக்கிறது?"

"நீங்க மனசு வெச்சா என் பொண்ணு வாழ்ந்துடுவா."

அந்த அம்மாள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பதினைந்து நிமிஷம்தானே, எழுதித் தொலைக்கக் கூடாதா என்று சிஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பையன் எங்க பொறந்தான்?"

"உங்க விடுதியிலதான். அறுபத்தேழு, சித்திரை."

"ஜாதகத்துல இன்னா டைம் போட்டுகீது?"

"ஆறு அம்பத்தஞ்சு. ரிஷப லக்னம். அப்பழுக்கில்லாத ஜாதகம்."

"அதுவே ஆறு முப்பத்தஞ்சா இருந்தா?"

ஏழு வரன் பார்த்த அலைச்சலில் அபிதகுஜாம்பாள் பாதி ஜோசியராகியிருந்தார். விரல்விட்டு எண்ணினார்.

"மேஷ லக்னம். லக்னத்துல ராகு, ஏழுல கேது. ரமாவுக்கு இருக்கற அதே ஒண்ணு ஏழு. அப்படி இருந்தா தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போயிடும், பேச்சே இல்லை. ஏன் கேக்கறேள்?"

"ஒரு வூட்டு விஷயத்த இன்னொரு வூட்டுல நான் சொல்றதில்ல, மாமி" என்று சிஸ்டர் எழுந்து பீரோவைத் திறந்தார். பழுப்பேறிய நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து அந்த அம்மாள் முன் வைத்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் ஜெபம் பண்ணிக்கிறேன்."

கைகளைக் கூப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. அபிதகுஜாம்பாள் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பிறகு விரலால் பக்கங்களைத் தள்ள ஆரம்பித்தார். பதற்றத்தில் சித்திரையைத் தாண்டி வைகாசிக்குப் போய்விட்டார்.

சிஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தையும் நிறுத்தவில்லை. ஒரு கையை மட்டும் நீட்டி, இரண்டு தாளைப் பின்னால் புரட்டி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.