எட்மண்டுக்கு வராமல் போன நான்கு தட்டு

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலின் தேவாலயப் பாடகர் குழுவில், அடித்தொண்டையில் பாடும் பாஸ் குரல் எட்மண்டுக்கு மட்டுமே இருந்தது. சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை; பகல் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு நேராகப் பயிற்சிக்குப் போய்விடுவான். ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. 1964-இல் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம்தான் முதன்முதலாகக் கடிதம் எழுத நேர்ந்தது.

"மதிப்புக்குரிய இசபெல்லா டீச்சர் அவர்களுக்கு, நாளை சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்கு என்னால் வர இயலாது. மன்னிக்கவும். தம்பி இன்பராஜ் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவிக்கிறான். கூட இருக்க வேறு ஆள் இல்லை. புதுப்பாட்டில் இரண்டாம் சரணம்வரை எனக்குப் பாடம். மூன்றாம் சரணத்தின் பாஸ் வரியை மட்டும் டோ-ரே-மி சொல்ஃபா எழுத்தில் எழுதி, இந்த வார்டில் வேலை செய்யும் நம் குழு ஃப்ளோராவிடம் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். மற்ற குரல்கள் எங்கே நிற்கின்றன என்றும் குறித்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை அரைமணி முன்னால் வருகிறேன். தனியாகக் கேட்டுத் திருத்தவும்."

ஞாயிறு மத்தியானம் தாள் வந்தது. மூச்சு எடுக்கும் இடமெல்லாம் சிவப்பு மையில் கோடு. அடியில் டீச்சர் எழுதியிருந்தார்: "கடைசி அடியில் மற்ற எல்லோரும் நிறுத்துகிறோம். நான்கு தாளத் தட்டுக்கு உங்கள் குரல் மட்டும். அதற்கு முன்னாலேயே மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் விடக்கூடாது."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எட்மண்ட் அடங்கிய குரலில் பாடிப் பார்த்தான். பாறைத்தூசி நுரையீரலை அரித்த தம்பி, தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, மூணாவது தட்டுலயே வுட்டுட்ட?"

"நீ பேசாத இன்பு. இளைக்குது பாரு."

"இன்னொரு தபா பாடு. நான் எண்ணுறேன்."

விரலால் போர்வையில் தட்டினான். இந்தத் தடவை எட்மண்ட் நான்கையும் இழுத்துப் பிடித்தான். "அவ்ளோதான்," என்றான் தம்பி.

திங்கள் விடியற்காலையில் இன்பராஜ் போய்விட்டான். அன்று மாலையே அடக்கம். பாடகர் குழு கல்லறைக்கு வந்தது. அவர்கள் பாடியபோது எட்மண்ட் சேர்ந்து பாடவில்லை.

செவ்வாயன்று அரைமணி முன்னதாகத் தேவாலயத்துக்குப் போனான். ஆர்மோனியத்தின் முன்னால் இருந்த இசபெல்லா எழுந்துவிட்டார்.

"இன்னிக்கி எதுக்குப்பா வந்தீங்க?"

"வரேன்னு எழுதியிருந்தேனே டீச்சர்."

அவர் சுதி பிடித்தார். சரணம் பிசகில்லாமல் நடந்தது. கடைசி அடியில் ஆர்மோனியம் நின்றது. எட்மண்ட் மூச்சை இழுத்தான், குரல் எழும்பவில்லை. மறுபடி முயன்றான். மூன்றாம் முறை காற்று மட்டும் வந்தது.

"குழுவுல இருக்கற பசங்கள்ல யாருக்காச்சும் இந்த இடத்த சொல்லித் தரட்டுமா?"

"பாஸ் வேற யாருகிட்ட டீச்சர் இருக்குது?"

அவர் தாளில் அந்த நான்கு தட்டின் மேல் 'ஆர்மோனியம்' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஆராதனையில் அந்த நான்கு தட்டையும் ஆர்மோனியமே வாசித்தது. கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெண்களின் ஆல்டோ வரிசையில் நின்ற ஃப்ளோரா மட்டும் அந்த இடத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தாள். எட்மண்ட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலை ஷிப்டுக்குச் சுரங்கக் கூண்டில் இறங்கினான்.