இரண்டாவது ராக்கின் அம்மீட்டர்

யுத்த காலத்தில் சீமை பாட்டரிகள் வருவது நின்றுபோனது. அப்போது கீரனூர் சாலையில் ஒரு பழைய அரிசி மில்லை வாங்கி, பஸ்களுக்கு பாட்டரி செய்யும் கம்பெனி ஒன்றை ஒரு முதலாளி தொடங்கினார். இன்டர்மீடியட்டில் சயின்ஸ் படித்திருந்ததால் செல்களைச் சோதிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

காலை ஏழு மணிக்கு, முழுக்க சார்ஜ் ஏறிய செல்களை ராக் என்கிற தட்டில் வரிசையாக இணைப்பேன். இரண்டு ராக்குகள்; மின்னோட்டத்தை அளக்க ஒவ்வொன்றிலும் ஓர் அம்மீட்டர். அதில் ஆறு ஆம்பியர் காட்டும்படி ரெசிஸ்டன்ஸ் பலகையை நகர்த்திவைத்து, மணிக்கொரு தரம் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் எழுதுவேன். ஒரு செல் ஒன்று புள்ளி எட்டு வோல்ட்டுக்கு இறங்கியதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதைக் கழற்றிவிடுவேன். பத்து மணி நேரம் தாங்கினால் முதல் தரம். ஒன்பது என்றால் இரண்டாம் தரம். அதற்கும் கீழே போனால் கழிவு. பிறகு மறுபடி சார்ஜ் ஏற்றி, அதே ராக்கில், அதே அம்மீட்டரைப் பார்த்து, சில விநாடிகள் மட்டும் பெரிய லோடு கொடுத்து வோல்ட் எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பேன். சரிவு அதிகமென்றால் செல்லின் உள்தடை அதிகம். தாங்கும் நேரமும் தடையும் ஒத்த ஆறு செல்களைச் சேர்த்துத்தான் ஒரு பஸ் பாட்டரி கட்டுவோம். நோஞ்சான் ஒன்று நடுவில் நுழைந்தால், அது காலியான பிறகும் மற்ற ஐந்தும் சேர்ந்து அதன் வழியே மின்சாரத்தை ஓட்டிக் கெடுத்துவிடும்.

ஈயத்தகடுகளைச் சுடர் வைத்து ஒட்டுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆவூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். கோயில் மணிக்கூண்டுக் கூரைக்கு ஈயத்தகடு ஒட்டிப் பழகிய கை. செல்கள் கலந்துவிடக் கூடாது என்று நான்தான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன்: மற்றவர் செல்கள் முதல் ராக், ஆவூர்க்காரர் செல்கள் இரண்டாவது ராக்.

ஒரு ஐப்பசி மாதம் ஆவூர்க்காரரின் செல்கள் எட்டேகால் மணி நேரத்திலேயே படுத்துவிட்டன. அடுத்த வரிசையும் அப்படியே. தடையும் கூடுதலாகக் காட்டியது. ஒட்டு சரியில்லையென்றால் இரண்டும்தான் கெடும், புத்தகத்தில் படித்திருந்தேன். இரண்டு சோதனையும் ஒரே பதிலைச் சொன்னதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அவரிடம் சொன்னேன். அவர் குனிந்து செல்களைப் பார்த்தார்.

"தம்பி, என் ஒட்டு இப்படிப் போகாதுங்க. இதுல நாலைத் தூக்கி அங்கிட்டு, அந்த ராக்குல வச்சுப் பாருங்களேன்."

"ராக் என்னண்ணே செய்யும்? கணக்கு சரியாத்தான் இருக்கு."

"ஒரு தடவைங்க. ஒரே ஒரு நாளு."

ஒரு நாள் வேலை கெடுமே என்று நினைத்தேன். உண்மையில் அது மட்டுமல்ல. என் அளவை ஓர் ஈயம் ஒட்டுகிறவர் சந்தேகப்படுவதா என்ற எண்ணமும் இருந்தது. முதலாளி வந்து, "ஒண்ணை அறுத்துப் பாத்துருவமா?" என்று கேட்டபோதும், "வேண்டாங்கய்யா, நம்பரே சொல்லுது" என்று சொன்னது நான்தான்.

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். சுடர்க்குழாயைத் துடைத்து மேசைமேல் வைத்தார். "வாரேன் தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

திருச்சியிலிருந்து வேறோர் ஆளைக் கொண்டுவந்தார்கள். கெட்டிக்காரர். அவருடைய செல்களும் இரண்டாவது ராக்கில் எட்டேகால் மணி நேரத்திலேயே படுத்தன. முதல் ராக்கின் அம்மீட்டரைக் கழற்றி இங்கே மாட்டினேன். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் முள் ஏழில் நின்றது. பழைய மீட்டரின் பின்னால், மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் முள்ளுக்குக் கொண்டுபோகிற கம்பி, ஆசிட் ஆவியில் பச்சை பூத்து அரித்திருந்தது. அதனால் மீட்டர் குறைத்துக் காட்டியிருக்கிறது. ஏழை ஆறென்று நம்பி நான் செல்களை வேகமாக வடித்திருக்கிறேன். சரிவும் அதனால்தான் கூடியிருக்கிறது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

கீரனூர் வரை பஸ், அங்கிருந்து சைக்கிள். ஆவூரில் அவர் ஒரு கிணற்று வேலையில் கல் சுமந்துகொண்டிருந்தார். ஈரத் தலைத்துண்டோடு மேலே வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"தப்பு என்னோடதுண்ணே. நீங்க கேட்டப்பவே மாத்தி வச்சுப் பாத்திருக்கணும்."

தலைத்துண்டை அவிழ்த்தபடி, "அந்தச் செல்லுங்களை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"ஒடைச்சு உருக்கிட்டோம்ணே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நல்ல செல்லுங்க தம்பி அதெல்லாம்" என்றார். குரல் உயரவில்லை. திரும்பி வரச் சொன்னேன். சம்பளம் கூட்டித் தருவதாக முதலாளி சொன்னதையும் சொன்னேன். "இல்லைங்க. அங்கிட்டு நிண்டு ஒட்டுனா, ஒவ்வொரு ஒட்டையும் ரெண்டு தடவை பாக்கத் தோணும். வேலை ஓடாது." எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கிப்போனார்.

அதன்பிறகு வாரத்துக்கொரு முறை இரண்டு மீட்டரையும் மாற்றிவைத்துச் சரிபார்ப்பேன். அந்தக் கம்பெனியில் இருந்தவரை அதை விடவில்லை. அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.