550-க்குப் பின்னால் நான் எழுதிய வரி

வண்டலூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே வாசல் காவல் எக்ஸிம் என்ற மென்பொருள். அதற்கு விதி எழுதிக் கொடுப்பவன் நான். கடிதம் முழுதும் வந்து முடிந்ததும், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்வதற்கு முன், எக்ஸிம் இரண்டைச் சோதிக்கும். ஸ்பேம் மதிப்பெண் எல்லையைத் தாண்டியதா? அனுப்புநர், பெறுநர் வரிகள் முறைப்படி இருக்கின்றனவா? தவறினால் ‘ஏற்க முடியாது’ என்று பொருள்படும் 550 என்ற எண்ணோடு ஒரு வரி சொல்லி அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அந்த வரி நம் இஷ்டம்.

என் இஷ்டத்துக்கு விட்டால் உருப்படுமா? அனுப்புநர், பெறுநர் வரிகள் முறைகெட்டிருந்தால் சொல்ல, ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதினேன்: ‘அட்ரஸ் எழுதத் தெரியல. போய் ஒண்ணாங்கிளாஸ்ல உட்காரு.’ ஸ்பேம்காரனுக்கு என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஒரு அம்மா வந்தார். கையில் அச்செடுத்த தாள். என் வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

“சார், வேதியியல் டீச்சர் வேலைக்கு நேத்து அப்ளிகேஷன் அனுப்பினேன். உங்க ஸ்கூல் இப்படிப் பதில் போட்டிருக்கு. பதினெட்டு வருஷமா பாடம் எடுக்கறேன் சார்.”

“வைரஸா இருக்கும் மேடம்” என்றேன். பொய் சொன்ன வாய் என்னுடையதுதான்.

அவரைப் பிரின்சிபாலிடம் அழைத்துப் போனேன். “கடைசி நாள் நேத்தோட முடிஞ்சுதே. நம்ம சர்வர்ல வந்ததா?” என்றார் அவர்.

கடிதம் எங்களிடம் இல்லை. ஏற்காததைச் சேமிப்பது எப்படி? நிராகரித்தவற்றின் பதிவேட்டில் மட்டும் நேரமும் அனுப்புநர், பெறுநர் வரிகளும் இருக்கும். கூடவே, காரணமாக, என் வரியும். அதைக் காட்டாவிட்டால் அந்த அம்மாவின் வாய்ப்புப் போகும். காட்டினால் என் மானம் போகும். மடிக்கணினியைத் திறப்பதற்குள் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தேன்.

நேற்று மாலை நாலு பத்து. ஸ்பேம் மதிப்பெண்ணில் குறை இல்லை. அனுப்புநர் வரியில் பெயருக்குப் பின் கமா, எம்.எஸ்சி., இன்னொரு கமா, பி.எட். கமா உள்ள பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும்; அவர் இப்போது பாடம் எடுக்கும் பள்ளியின் பழைய மெயில் மென்பொருள் வைக்கவில்லை. ஒவ்வொரு கமாவிலும் ஒரு முகவரி முடிந்ததாக எக்ஸிம் எண்ணிவிட்டது. படித்துவந்த பட்டங்களே அவரைத் தடுத்திருந்தன.

பிரின்சிபால் என் வரியைச் சத்தமாக வாசித்தார். “யார் எழுதினது?”

“நான்தான் சார். வைரஸ் இல்ல மேடம். மன்னிச்சிருங்க.”

“நாலு பத்துக்கே வந்திருக்கு, இன்னொரு காப்பி குடுங்க, எடுத்துக்கறோம்” என்று பிரின்சிபால் அவரிடம் சொன்னார்.

ஸ்பேம் இயந்திரங்கள் 550-ஐப் படிப்பதே இல்லை; அடுத்த வாசலுக்கு ஓடிவிடும். என் நகைச்சுவையைப் படித்தவர்கள் அத்தனை பேரும் ஒழுங்காகக் கடிதம் எழுதியவர்கள்தான். பதிவேட்டில் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் என் பெயர் போட்டு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “சார், அந்த ஒண்ணாங்கிளாஸ் எந்தப் பக்கம்?”