கறிவேப்பிலைக் கணக்கு

தேக்கா ஈரச்சந்தையில் கோவிந்தசாமியின் மசாலாக் கடைக்கு வருகிறவர்கள் பொருளின் பெயரைச் சொல்வதில்லை. "மீனு, எட்டுப் பேருக்கு" என்பார்கள். அவ்வளவுதான். ஈர அரைப்புகள் தட்டுகளில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். அவர் மிளகாயில் தொடங்கி மல்லி, மஞ்சள், சீரகம், பெருஞ்சீரகம், பூண்டு என்று இடமிருந்து வலமாகப் போவார். கரண்டி கரண்டியாக எடுத்து ஒரே பிளாஸ்டிக் பையில் தட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். அதே மிளகாயும் மல்லியும் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கும். அளவு மட்டும் இவர் கையில். அது வெளியே போய்விட்டால் கடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமிருக்காது என்பது அவர் மகள் நிவேதிதாவுக்கு நன்றாகத் தெரியும்.

அம்பிகைபாகன் வாங்குவது ஒரு சிறிய கட்டு கறிவேப்பிலை. சனிக்கிழமை தவறாமல் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. கட்டை வாங்கியவர் நகரமாட்டார். ஓரமாக நின்று, கட்டிலிருந்து இலையோடு ஓர் ஈர்க்கை உருவிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசிக்கொண்டே இருப்பார்.

போன வருடம் அம்மா இறந்த பிறகு வாய் திறக்காமல் இருந்த அப்பாவைப் பேச வைத்தவர் அவர்தான். "என்ட மனுசியும் போய் மூண்டு வருசம் ஐயா. சோறு இறங்காது, எனக்குத் தெரியும்" என்று கண்ணைத் துடைத்தார். அப்பாவும் துடைத்தார். அன்றிலிருந்து அவருக்குக் கறிவேப்பிலை இலவசம், எதிர்க்கடைக் கோப்பியும் இலவசம்.

நிவேதிதாவுக்கும் முதலில் அவர்மேல் பிரியம்தான். பிறகு ஒரு சின்ன விஷயம் உறுத்தியது. கடை காலியாக இருக்கும்போது அவர் வந்ததே இல்லை. ஆள் நிற்கும்போதுதான் வருவார். அதுவும் பச்சைப் பை வைத்திருக்கும் ஒரு அம்மாள் வரிசையில் நிற்கும்போது. அந்த அம்மாள் ஒரு வாரம் மீன் என்பாள், ஒரு வாரம் கோழி, ஒரு வாரம் நண்டு. ஆனால் எப்போதும் எட்டுப் பேருக்கு. விருந்து வைக்கிறவள் வீட்டில் ஆள் எண்ணிக்கை மாறாமலா இருக்கும்?

ஒருநாள் அம்பிகைபாகன் கோப்பி குடிக்கப் போன அவசரத்தில் ஈர்க்கை மேடையிலேயே மறந்துவிட்டார். குப்பையில் போட எடுத்த நிவேதிதா நின்றுவிட்டாள். நுனியிலிருந்து நாலு இலை கிள்ளியிருந்தது. ஒன்று மிச்சம். அடுத்து மூன்று இல்லை, ஒன்று மிச்சம். பிறகு இரண்டு முறை, ஒன்று இல்லை, ஒன்று மிச்சம். ஓரிடத்தில் இலை பாதியாகக் கிள்ளப்பட்டிருந்தது.

அவள் தட்டுகளைப் பார்த்தாள். அப்பா சற்றுமுன்தான் பச்சைப் பை அம்மாளுக்கு மீன் மசாலா போட்டிருந்தார். மிளகாய் நாலு, மல்லி மூன்று, மஞ்சள் ஒன்று, சீரகம் ஒன்று, பெருஞ்சீரகம் அரைக் கரண்டி. கரண்டிக்கு ஓர் இலை, அரைக் கரண்டிக்கு அரை இலை. மிச்சம் விட்ட இலை, அடுத்த தட்டுக்குப் போயாச்சு என்பதற்கு அடையாளம். கடையில் படம் எடுக்கக்கூடாது என்று அப்பா பலகை மாட்டியிருக்கிறார். வாய் பேச்சில் இருந்தால் மனசால் எண்ண முடியாது. அதனால் விரல் எண்ணியிருக்கிறது!

ஈர்க்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கேட்க வேண்டும் என்றுதான் ஓடினாள். கோப்பிக் கடையில் அவர் இல்லை. எம்ஆர்டி ரயில் நிலைய மின்படிக்கட்டில் அவருக்கு முன்னால் பச்சைப் பை தெரிந்தது. அந்த அம்மாள் திரும்பி, "இஞ்சாருங்கோ, ஈர்க்கு எங்க?" என்றாள்.

நிவேதிதாவின் கால் அங்கேயே நின்றது. பள்ளித்தோழி சயந்தினியின் வீட்டில் அந்தச் சொல்லை அவள் ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். யாழ்ப்பாணத்து மனைவி புருஷனைத் தவிர வேறு யாரையும் அப்படிக் கூப்பிடமாட்டாள்.

அளவைத் திருடியதைக்கூட அவள் மன்னித்திருப்பாளோ என்னவோ. அம்மாவின் சாவை வைத்து அப்பாவோடு ஒட்டிக்கொண்டானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. உயிரோடு இருக்கிறவளைச் சாகடித்து அழுத கண்ணுக்கு என்ன கொடுக்கலாம் என்று இரவெல்லாம் யோசித்தாள். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

வழியை அப்பாவே காட்டினார். அம்மாவின் திதி நெருங்கியபோது, "கோயில்ல மோட்ச விளக்கு போடணும்மா. பாவம், நம்ம அம்பிகைபாகன் வீட்டம்மாவுக்கும் சேர்த்துப் போட்டுடலாம்" என்றார்.

அப்போதே தடுத்திருக்கலாம். நிவேதிதா தடுக்கவில்லை. "நல்லதுப்பா. பேரு கேளுங்க, பேரு இல்லாம எப்படிப் போடறது?" என்றாள்.

அப்பா கேட்டார். எதிர்பாராத கேள்வியில் அம்பிகைபாகன் திணறி, வாயில் பழகிய பெயரையே சொல்லிவிட்டார். "மனோரஞ்சிதம்."

திதி முடிந்து, அடுத்த சனிக்கிழமை பச்சைப் பை வரிசையில் வந்தது. அம்பிகைபாகன் ஓரத்தில் ஈர்க்கோடு நின்றார். "கோழி, எட்டுப் பேருக்கு" என்றாள் அம்மாள். அப்பா மிளகாயில் கரண்டியைப் போட்டார். ஓரத்தில் விரல் ஓர் இலையைக் கிள்ளியது.

நிவேதிதா கோயில் பிரசாதப் பொட்டலத்தை எடுத்து, சந்தைக்கே கேட்கும் குரலில் சொன்னாள்: "அங்கிள், இந்தாங்க விபூதி! உங்க வீட்டம்மாவுக்கு மோட்ச விளக்கு போட்டாச்சு. செத்துப்போன மனோரஞ்சிதம் அம்மாவுக்குன்னு ஐயர் பேரு சொல்லியே செஞ்சாரு."

அம்பிகைபாகனின் விரல் பாதி இலையில் நின்றது. தன் பெயர் காதில் விழுந்து பச்சைப் பை மெதுவாகத் திரும்பியது.

"ஆருக்கு?" என்றாள் அந்த அம்மாள். "ஆருக்கு விளக்கு?"

"இல்லையப்பா, நான் சும்மா ஒரு கதைக்கு..." என்று அவர் தொடங்கினார்.

"நீங்க அளவு பாக்கிறதா சொன்னதுக்குத்தான் நான் ஓமெண்டு தலையாட்டினனான். என்னைச் சாக்காட்டிப்போட்டா பாத்தனீங்கள்?" என்று கேட்டாள் அவள். மீன் வாங்க வந்தவர்கள், காய்க்காரர்கள், எல்லோரும் பார்த்தார்கள். அவள் கை தன்னையறியாமல் தாலியைப் பிடித்துக்கொண்டது. பையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.

அவர் பின்னால் போகத் திரும்பினார். நிவேதிதா விடவில்லை.

"ஈர்க்கை எடுத்துட்டுப் போங்க அங்கிள். இன்னும் பெருஞ்சீரகம் வரல லா. அரை இலை கிள்ளணும்."

அவர் முகம் வெந்து போனது. ஈர்க்கு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் இல்லாமல் கூட்டத்தில் நுழைந்து மறைந்தார். நிவேதிதாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது, உண்மையாகவே குளிர்ந்தது. இனி எந்தச் சந்தையிலும் அந்த ஆள் தலைநிமிர்ந்து கறிவேப்பிலை வாங்கமுடியாது.

சிரித்தபடி அப்பா பக்கம் திரும்பினாள். ஈர்க்கின் கதையை, மின்படிக்கட்டில் கேட்டதை, மூச்சுவிடாமல் கொட்டினாள். அவர் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எப்பலேந்தும்மா தெரியும்?"

"போன மாசமே தெரியும்ப்பா."

"விளக்கு போடறதுக்கு முன்னாடியேவா?"

நிவேதிதா குனிந்து கீழே கிடந்த ஈர்க்கை எடுத்தாள்.

"அந்த அம்மாவோட விளக்க உங்கம்மா விளக்கு பக்கத்துலயே வச்சேன்" என்றார் கோவிந்தசாமி. "ரெண்டு பேரும் துணையா இருக்கட்டும்னு சொல்லி அழுதேன். நீ பக்கத்துலதானே நின்னே?"



அடுத்த ஆள் வந்து, "மீனு, ஆறு பேருக்கு" என்றார். அப்பா கரண்டியை அவள் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.