புல்லிலிருந்து புலிவரைக்கும் ஒரு அம்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை ஆபீசுக்கு எங்க ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். காட்டோரத்தில் ஆடு மேய்க்கக் கூடாது என்று மகளிர் குழு நோட்டில் எழுதி, குழுத் தலைவி கையெழுத்துப் போட வேண்டுமாம். தலைவி நான். என்னிடம் பன்னிரண்டு ஆடு. போட மாட்டேன் என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன்.

ரேஞ்சர் சின்ன வயசு. சுவரில் ஸ்லைடு போட்டார். புல்லிலிருந்து மானுக்கு ஒரு அம்பு, முயலுக்கு ஒரு அம்பு, மானிலிருந்து புலிக்கு, செந்நாய்க்கு. சிலந்தி வலை மாதிரி கோடு.

"ஏட்டி, புல்லு மானைத் தின்னுதாம்!" என்றாள் என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே சிரிப்பு.

"சத்து எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கம்தான் அம்பு" என்று ரேஞ்சர் மூணு தடவை சொன்னார். மூணு தடவையும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த ஸ்லைடில் கோபுரம். அடியில் அகலமாகப் புல், நுனியில் ஒத்தைப் புலி. ஒரு படியின் சத்தில் மேல் படிக்குப் பத்தில் ஒரு பங்குதான், அதுவும் உத்தேசமாகத்தான், போய்ச் சேருமாம்.

"மிச்சத்தை யார் சார் களவாண்டது?" என்று எழுந்து கேட்டேன்.

"ஆச்சி, கடைசியா ஒரு கிடாயைக் கட்டிப்போட்டு வளர்த்திருப்பீங்களே, அதுக்கு வருசம் பூரா எம்புட்டு தழை, குழை போட்டீங்க?"

"வீட்டுக் கூரை உசரத்துக்கு" என்றேன், பெருமையாக.

"கிடாய் எம்புட்டு கனம்?"

"நானே தூக்கி ஆட்டோவில் ஏத்தினேன்."

சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. மீதிக் குழை எங்கே? கொஞ்சம் புழுக்கையாகி மண்ணுக்குப் போனது. கொஞ்சம் ஓடினதிலும், மூச்சு விட்டதிலும், உடம்புச் சூட்டிலுமே போய்விட்டது. போன சூடு திரும்ப வராது. மானுக்கும் அதே கதைதான். அதனால் ஒரு புலிக்கு அம்புட்டு மான், அம்புட்டு மானுக்கு ஒரு காடு நிறையப் புல். அந்தப் புல்லில்தான் என் பன்னிரண்டும் வாய் வைக்கின்றன. புரியாமலே இருந்திருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருப்பேன்.

விடவில்லை. ஸ்லைடைத் திரும்பப் போடச் சொன்னேன். "உண்ணிச்செடி எங்கே சார்? காட்டோரம் முழுக்க அதுதானே நிக்குது? பழத்தைக் குருவி கொத்தும். இலையை என் ஆடும் தொடாது, மானும் தொடாது. அது நிக்கிற இடத்தில் புல்லு வராது. கோபுரத்தின் அடியை அது தின்னுது, நீங்க என் ஆட்டை விரட்டுறீங்க!"

"அதையும் பிடுங்கணும்தான், ஆச்சி" என்றார் ரேஞ்சர்.

"வாயால வேண்டாம். நோட்டைக் கொடுங்க."

உண்ணிச்செடியை முதலில் பிடுங்க வேண்டும் என்று எழுத்துக்கூட்டி எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் கரண்டே போய் வந்துவிட்டது. "ஆச்சி, பஸ்ஸு போயிரும்" என்றாளுக. போகட்டும் என்றேன். அடியில் அவரைக் கையெழுத்துப் போடவைத்து, பொறவுதான் நான் போட்டேன்.

ஆடுகள் இப்போது வீட்டுக் கொல்லையில். நாள் முழுக்கக் கத்துகின்றன. தலைச்சுமைக் குழையை அவிழ்த்துப் போடும்போதெல்லாம், இதில் பத்தில் ஒன்பது வீண் என்ற நினைப்புத்தான் வருகிறது. எல்லாம் அந்த ரேஞ்சரால் வந்த வினை. உண்ணிச்செடி பாதிதான் பிடுங்கியிருக்கிறார்கள். திங்கள்கிழமை நோட்டோடு போகிறேன்.