டிப்ஸ் குழுவும் என் வீட்டுத் தளமும்

என் மருமகனுக்கு, தேங்காய்த்திட்டிலிருந்து அத்தை எழுதுவது.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பையும் அழித்துவிட்டாயாம். அதனால்தான் தபால்காரரை நம்பினேன். கடிதத்தை வழியிலேயே கட் பண்ண உன் போனில் பொத்தான் கிடையாது. காலாப்பட்டில் சிநேகிதன் அறையில் உட்கார்ந்துகொண்டு, குடும்பமே உன்னைத் திட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பாய். உங்கப்பன் திட்டினான், வாஸ்தவம். என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வாய்தான் முதலில் ஓடும். நான் எழுதுவது உனக்கு நன்றி சொல்ல. அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் சொல்லாமல் விட்டேன். அந்தக் கோபமும் உன்மேல் இல்லை, என்மேல்.

முப்பது வருஷமாக இந்தத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறேன். குவியலைப் பார்த்ததும் எது இன்று பிடித்தது, எது நேற்றைய ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். எனக்கே ஐஸ் கம்பெனிக்காரர் வலை விரித்தார், பாவம், அவரும் தெரியாமல்தான். ஒரு நாள் ஏலம் முடிந்து டீ குடிக்கும்போது என் போனை வாங்கி, பங்கு டிப்ஸ் தரும் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். உள்ளே ஒரு 'சார்'. தினமும் காலையில் ஒரு சின்னக் கம்பெனியின் பங்குப் பெயரைப் போடுவார். கீழே நூறு பேர் லாபக் கணக்கைப் படம் பிடித்துப் போட்டு, "நன்றி சார்" என்பார்கள். ஒருத்தர் எழுதியிருந்தார்: "சார் புண்ணியத்துல பொண்ணு கல்யாணத்தை முடிச்சிட்டேன், உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்." அதைப் படித்து என் கண் கலங்கியது. கேலி பண்ணாதே, நிஜமாகவே கலங்கியது.

சீட்டு எடுத்த மூன்று லட்சம் பேங்கில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸைப் பிரித்துவிட்டு காங்கிரீட் தளம் போட வைத்திருந்த பணம். மழை பெய்தால் நான் எத்தனை குண்டானை எங்கெங்கே வைப்பேன் என்று உனக்குத் தெரியும். மேஸ்திரி ஒரு மாதம் கழித்துத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு மாதத்தில் பணத்தை இரண்டு மடங்காக்கி மாடியில் ஒரு அறையும் கட்டிவிடலாம் என்று என் புத்தி போயிற்று. அந்த 'சார்' நம்மிடம் கட்டணம் என்று ஒரு பைசா கேட்கவில்லையே, கேட்காதவன் எதற்கு ஏமாற்றப் போகிறான் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன்.

பங்கு வாங்கக் கணக்குத் திறக்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த படித்த பிள்ளை நீதானே. ஞாயிற்றுக்கிழமை நம்மூர் மேட்டுப்பாளையத்தில் உன் பாக்டரிக்கு லீவு என்று உன்னைக் கூப்பிட்டேன். சங்கரா மீன் குழம்பு வைத்து, நீ சாப்பிட உட்கார்ந்ததும் போனை நீட்டினேன். அந்தக் கல்யாண மெசேஜ் வரைக்கும் படித்தாய். அப்புறம் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாய்.

"இதே மெசேஜ் என் குரூப்லயும் வந்துது அத்தே. எழுத்து கூட மாறல."

"உனக்கு எதுக்குடா குரூப்பு?" என்றேன்.

நீ உன் போனைத் திறந்து காட்டினாய். ஆறு வருஷம் சேர்த்த நாலு லட்சம். உன் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது. எனக்குப் பெண் இருந்திருந்தால் செலவே இல்லாமல் முடித்திருப்பேன், அது வேறு கதை. அந்தப் பங்கு தினமும் ஐந்து சதம் ஏறி, அதற்கு மேல் அன்று ஏறக்கூடாது என்ற எல்லையில் போய் நின்றதாம். நாலு நாள் வாங்க முயன்றும் கிடைக்கவில்லையாம். விற்க ஆளில்லை, வாங்க மட்டும் வரிசை. ஐந்தாம் நாள் நாற்பத்தெட்டு ரூபாயில் கேட்டது மொத்தமும் ஒரே நொடியில் கிடைத்தது. சந்தோஷத்தில் பாக்டரியில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தாயாமே.

"அன்னைக்குத்தான் அவனுங்க வித்தது அத்தே. முன்னாடியே கம்மி வெலைக்கு வாங்கி வச்சிட்டு, எங்கள வரவச்சி எங்க தலையில கட்டிட்டானுங்க."

மறுநாளிலிருந்து கீழ் எல்லை. தினமும் ஐந்து ஐந்து சதமாக இறக்கம். காலையில் விற்க ஆர்டர் போடுவாய். உனக்கு முன்னால் லட்சக்கணக்கில் பங்கு விற்பதற்கு நிற்கும். வாங்க ஒருத்தரும் இல்லை. 'சார்' மட்டும், "பயப்படாதீங்க, இறங்கும்போது இன்னும் வாங்குங்க, சராசரி விலை குறையும்" என்றாராம். அதையும் நம்பி, அந்த நாலில் மிச்சம் வைத்திருந்த ஒரு லட்சத்தையும் போட்டாய்.

"வாங்கறேன்னு போட்டா ஒடனே கெடைக்கிது. விக்கறேன்னு போட்டாதான் ஆளே இல்ல," என்றாய். ஒன்றரை மாதத்தில் பதினோரு ரூபாய். குழுவில் கேள்வி கேட்டவர்களை வெளியே தள்ளி, பழைய மெசேஜை எல்லாம் அழித்து, வேறு பெயர் வைத்து, அடுத்த பங்கு.

நீ சொல்லச் சொல்ல எனக்கு நம் ஏலம்தான் கண்முன் வந்தது. படகுக்காரன் சில நாள் தன் ஆளையே கூட்டத்தில் நிற்க வைப்பான். அவன் கேட்டுக் கேட்டு விலையை ஏற்றுவான். புதிதாக வந்த வியாபாரி வேகத்தில் ஒரு விலை சொன்னதும், இவன் வாயை மூடிக்கொள்வான். மீன் அந்த வியாபாரி தலையில். எனக்கு அந்த ஆள் யாரென்று தெரியும். விலை ஏறினால் என் கமிஷனும் ஏறும் என்று பார்த்தும் பார்க்காதது போல நின்ற நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட எனக்கு, அந்த நூறு "நன்றி சார்" யார் என்று தெரியவில்லை பார். மீன் நாற்றம் இல்லாததால் ஏமாந்தேன் போல.

நீ நினைத்திருந்தால், "சர்வர் வேலை செய்யல அத்தே, அப்புறம் பாக்கலாம்" என்று மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். உன் மானம் தப்பியிருக்கும். நான் வேறு யாரையாவது பிடித்துக் கணக்குத் திறந்திருப்பேன். வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லாததை, அழுதுகொண்டே எனக்காகச் சொன்னாய். அன்றைக்கே உங்கப்பனிடமும் போய்ச் சொன்னாய். அவன் கத்தினான், நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். இப்போது தினமும் என்னிடம் உன்னைப் பற்றித்தான் விசாரிக்கிறான். என்னிடம் விசாரித்ததை உன்னிடம் சொல்லக்கூடாதாம்.

உன் பேச்சைச் சோதிக்க, என் குழுவில் அப்போது சொல்லிக்கொண்டிருந்த பங்கைத் தினமும் ஐஸ்காரர் போனில் பார்த்தேன். நாலு நாள் ஏறியது. ஐந்தாம் நாள் தாராளமாகக் கிடைத்தது. அவரிடம் வேண்டாம் என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். இப்போது என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். அந்தக் குழுவின் மெசேஜ்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, நானும் அவரும் சைபர் கிரைமில் எழுதிக் கொடுத்தோம். பணம் வருமா தெரியாது. உன்னுடையதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதற்கும் நீ வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை தளம் போடுகிறோம். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டியாகிவிட்டது. காலை ஏழு மணிக்குக் கலவை மிஷின் வருகிறது. முதல் சட்டி கலவையை வீட்டு ஆள்தான் கொட்ட வேண்டும், யார் கொட்டுவது என்று மேஸ்திரி கேட்டார். உங்கப்பன் பக்கத்தில்தான் நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "எம் புள்ள வருவான்," என்று அவனே சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

நீ வராமல் மிஷினை ஓட்ட விடமாட்டேன். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வா, சிமெண்ட் பட்டால் போகாது.