துணி ரெடியானால் மட்டும்

எங்கள் தையல் கடையில் அளவெடுத்து முடித்ததும் நான் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். "துணி ரெடியானா மட்டும் மெசேஜ் போடவா, புது டிசைன், தள்ளுபடி வந்தாலும் சொல்லவா?" முக்கால்வாசிப் பேர் இரண்டும் சொல்லுங்கள் என்பார்கள். அவர்களை மட்டும் கடை போனில் பிராட்காஸ்ட் லிஸ்டில் சேர்ப்பேன். எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்வேன், ஏனென்றால் பதியாதவர்களுக்கு லிஸ்டில் போடும் செய்தி போய்ச் சேராது. மற்றபடி அது நல்ல ஏற்பாடு. தனக்கு மட்டும் வந்தது போலத்தான் அவரவருக்குத் தெரியும், ஒருவருடைய எண் இன்னொருவர் கண்ணில் படாது.

அக்காவுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. கடை அவளுடையது, கத்தரிக்கோல் மட்டும் என்னுடையது. "இன்னாடி இது, கல்யாணத்துக்குச் சம்மதம் கேக்குற மாதிரி கேட்டுகினு இருக்க. நம்பர் குடுத்தவங்களுக்கு மெசேஜ் வந்தா குடி முழுகிப் போவுதா?" என்பாள். நான் மிஷினை வேகமாக மிதிப்பேன். எனக்குக் கோபம் வந்தால் தையல் நேராக வரும், வாய்தான் கோணும்.

அந்தப் பெண் தவக்காலம் தொடங்கியபோது வந்தாள். பக்கத்தில் அவள் மகள், முன்பல் இரண்டும் விழுந்த வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். ஈஸ்டர் முடிந்து வரும் ஞாயிறு புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைப்பதுதான் அந்த மாதங்களில் எங்கள் முக்கிய வேலை. கழுத்தில் லேஸ் வேண்டும், ஆனால் குத்தக் கூடாது என்றது குழந்தை. துணிக்குள் மெல்லிய உள்துணி வைத்துத் தருவதாகச் சொன்னேன்.

பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"துணி ரெடியானா மட்டும் சொல்லுங்கக்கா. வேற எதுவும் வேணாம். இந்த நம்பர் யாருக்கும் தெரியாது. புள்ளையோட அப்பாவுக்குத் தெரிஞ்சா வந்துடுவாரு."

மீதியைப் புரிந்துகொள்ள, குழந்தையின் தலைக்கு மேலே அவள் என்னைப் பார்த்த பார்வையே போதும். ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருப்பதாகவும், பள்ளியை மாற்றிவிட்டதாகவும் போகிற போக்கில் சொன்னாள். கடை போனில் அவள் எண்ணைப் பதியும்போது பெயருக்குப் பக்கத்தில் 'துணி மட்டும்' என்று போட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள் எனக்குக் காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. பண்டிகைத் தள்ளுபடிக்கான படத்தை அக்கா லிஸ்டில் அனுப்பியிருக்கிறாள். நிறையப் பேருக்குப் போகவில்லை, அவர்கள் எங்கள் எண்ணைப் பதிந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் யோசனை சொல்லியிருக்கிறார்: குரூப் ஆரம்பித்தால் எல்லோருக்கும் போகும். அக்கா கடை போனில் இருந்த வாடிக்கையாளர்களை வரிசையாகத் தட்டித் தட்டிச் சேர்த்துவிட்டாள். 'துணி மட்டும்' என்று நான் போட்டிருந்தது அவள் கண்ணில் பட்டதா என்று பிறகு கேட்டேன். "பட்டுது. நீ ஏதோ கணக்குக்குப் போட்டு வச்சிருக்கன்னு நெனச்சேன்" என்றாள்.

மத்தியானம் என் சொந்த போனை எடுத்துப் பார்த்தபோது அதிலும் அந்தக் குரூப் வந்திருந்தது. ஒரு பெரியவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார். பிரான்சில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் மகள், இவங்கல்லாம் யாரு என்று கேட்டிருந்தாள். கீழே உறுப்பினர்கள் பட்டியலைத் தள்ளினேன். எண்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறிய படம். அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் பக்கத்தில் பல் விழுந்த வாயோடு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அக்காவைக் கூப்பிட்டு, நான் அதுவரை அவளிடம் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவள் பதறிப்போய் எல்லோரையும் நீக்கிவிட்டுக் குரூப்பையே கலைத்தாள்.

கலைத்து என்ன பயன்? பார்த்தவர்கள் பார்த்ததுதான். அரியாங்குப்பத்தில் இருந்து எங்களிடம் ரவிக்கை தைக்க வரும் ஒரு அம்மாவும் அந்தக் குரூப்பில் இருந்தார். அவர் தம்பியின் மனைவிதான் அந்தப் பெண். எங்களுக்கு எப்படித் தெரியும்? தம்பி மகளின் முகம் அத்தைக்குத் தெரியாதா? எண்ணை எடுத்துத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார். குடும்பம் சேர வேண்டும் என்று நல்லெண்ணத்தில்தான் கொடுத்தாராம். நல்லெண்ணம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிகிறது.

அடுத்த நாள் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கையிலிருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"நேத்துல இருந்து இப்படித்தான். மாத்தி மாத்தி வேற வேற நம்பர்ல இருந்து கூப்புடுறாரு. எங்க இருக்கேன்னு கண்டுபுடிச்சிடுவேன்னு மெசேஜ் போட்டிருக்காரு."

போலீசுக்குப் போகலாம், கூட வருகிறேன் என்றேன். ஏற்கனவே ஒருமுறை போனதாகவும், சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். அக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "தப்பு என்னுதும்மா, மன்னிச்சிடு" என்றாள். அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் கையை உருவிக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை.

"என் நம்பர் எங்கெங்க இருக்கோ எல்லாத்துலயும் எடுத்துடுங்க. என் கண்ணு முன்னாடியே எடுங்க."

எடுத்தோம். போனில் பதிந்திருந்ததை, அவளோடு பேசிய மெசேஜ்களை, அளவு நோட்டில் மேலே எழுதியிருந்ததை, அக்கா தன் சொந்த போனில் ஏற்றி வைத்திருந்த நகலை. ஒவ்வொன்றையும் திருப்பிக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். இந்த சிம்மையும் தூக்கிப் போட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

"அப்ப கவுன் ரெடியானா எப்படிச் சொல்றது?"

"சொல்ல வேணாங்கா. இனிமே நம்பர் யாருக்கும் குடுக்க மாட்டேன். புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன்."

அந்த வாரம் அக்கா எல்லோருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினாள். லிஸ்டில் இருக்க விருப்பமுள்ளவர்கள் 'வேணும்' என்று பதில் போடுங்கள், பதில் இல்லாதவர்கள் எண்ணைச் சேர்க்க மாட்டோம், பிறகு எப்போது 'வேணாம்' என்றாலும் எடுத்துவிடுவோம் என்று எழுதினாள். லிஸ்ட் பாதியாகச் சுருங்கியது. இப்போது அளவெடுத்ததும் அந்தக் கேள்வியை என்னை முந்திக்கொண்டு அவளே கேட்கிறாள்.

சனிக்கிழமைக்கு முன்பே கவுனை முடித்துவிட்டேன். கழுத்து லேசுக்கு உள்துணி வைத்து, என் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன், குத்தவில்லை. சனிக்கிழமை கடையை மூடும்வரை அவள் வரவில்லை. மறுநாள் கவுனைப் பையில் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். வெள்ளை உடுத்திய பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வரிசையாகப் போனார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்த முகம் இல்லை. ரெட்டியார்பாளையத்திலும் விசாரித்தேன். எங்கள் கடைக்கு வந்துபோன மறுநாள் புதன்கிழமையே அறையைக் காலி செய்துவிட்டார்கள், எங்கே என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கவுன் இன்னும் கடையில்தான் தொங்குகிறது. குழந்தை இந்நேரம் வளர்ந்திருக்கும், அது பத்தாது. தூசி படாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். எங்களிடமிருந்து அவள் கேட்டது ஒரே ஒரு செய்திதான், துணி ரெடியாகிவிட்டது என்று. அதை மட்டும் எங்களால் அனுப்ப முடியவில்லை.